பாலுக்கு எழாத குழந்தை: பச்சிளம் குழந்தையின் இரத்தத் தொற்றும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பிரசவ வார்டுகளில் பாட்டிமார்கள் அடிக்கடி சொல்லும் பாராட்டு ஒன்று உண்டு. "பிள்ளை ரொம்ப சமத்துங்க, பொறந்ததுல இருந்து தூங்கிட்டே இருக்குது" என்பார்கள். பெரும்பாலான நேரங்களில் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, ஏனெனில் நலமான குழந்தையும் பிறந்த முதல் நாளில் நிறையவே தூங்கும். ஆனால் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கும்போது பல சமயங்களில் முதலில் வெளியே தெரிவதும் இதே தூக்கம்தான். நலமான தூக்கத்தையும் நோயின் தூக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது, அந்தக் கிருமி குழந்தையிடம் எப்படி வந்து சேர்கிறது என்பவற்றை ஒரே ஒரு கிருமியை முன்வைத்து இந்தக் கட்டுரை விளக்குகிறது.

நம் இரத்தம் இயல்பில் கிருமிகள் இல்லாதது. அதற்குள் பாக்டீரியா நுழைந்து பெருகி, அதை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டமே நுரையீரல், மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளைப் பாதிக்கத் தொடங்கும் நிலையை மருத்துவர்கள் செப்சிஸ் என்கிறார்கள். பிறந்த முதல் 28 நாட்களுக்குள் இது ஏற்பட்டால் பச்சிளம் குழந்தையின் செப்சிஸ் எனப்படும். இதை முந்தைய வகை, பிந்தைய வகை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். பிறந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முந்தையது, அதற்குப் பிறகு தொடங்கினால் பிந்தையது.

இந்தப் பிரிவு வெறும் கணக்குக்காக ஏற்பட்டதன்று. நோய் எப்போது தொடங்கியது என்பது கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்பதைச் சொல்கிறது. முதல் மூன்று நாட்களுக்குள் நோயுற்ற குழந்தைக்குக் கிருமி பெரும்பாலும் தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வந்திருக்கும். பனிக்குடம் உடைந்த பிறகு கிருமிகள் மேலேறிப் பனிக்குட நீரை அடையும். குழந்தை அந்த நீரை விழுங்கும், நுரையீரலுக்குள்ளும் இழுக்கும். முந்தைய வகையில் மூச்சுத் திணறல் அடிக்கடி முன்னே நிற்பதற்குக் காரணம் இதுதான். மூன்று நாட்களுக்குப் பிறகு தொடங்கும் நோயில் கிருமி பெரும்பாலும் வெளியுலகிலிருந்து வருகிறது: குழந்தையைத் தொடும் கைகள், மருத்துவமனையில் இரத்தக் குழாயில் செருகிய ஊசிக் குழாய், பால் புகட்டும் பாட்டில், சரியாகக் காயாத தொப்புள்கொடி என்று வழிகள் பல.

இனி அந்தக் கிருமிக்கு வருவோம். அதன் முழுப்பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. அகலாக்டியே என்ற சொல்லுக்குப் பால் இல்லாமை என்று பொருள். மாடுகளுக்கு மடிவீக்க நோயை உண்டாக்கிப் பாலை வற்றச் செய்யும் கிருமியாகவே இது முதலில் அறியப்பட்டது என்பதால் இந்தப் பெயர் வந்தது. கறவை மாடு வைத்திருக்கும் நம் பகுதிக் குடும்பங்களுக்கு அந்த நோய் புதிதன்று. ஆனால் மனிதரிடம் வாழும் இனங்களும் மாட்டின் மடியில் வாழும் இனங்களும் பெரும்பாலும் வெவ்வேறானவை. எனவே மாடு கறக்கும் பெண்ணுக்கு மாட்டிடமிருந்து இது தொற்றியது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற நுண்ணுயிரியலாளர் 1933இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களை எழுத்துகளால் குழுக்களாகப் பிரித்தபோது இது பி குழுவில் இடம்பெற்றது. அன்று முதல் இது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சுருக்கமாக ஜி.பி.எஸ்.

இந்தக் கிருமி பெண்களின் குடலிலும் பிறப்புறுப்பிலும் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். உலக அளவில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இது இருக்கிறது. தெற்காசியாவில் அந்த அளவு சற்றுக் குறைவு. இது பாலியல் நோயோ, சுத்தக் குறைவின் அடையாளமோ அன்று. வரும், போகும், மறுபடியும் வரும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: குழந்தைக்கு நோய் வந்த பிறகு "உன்னிடமிருந்துதான் வந்தது" என்ற சொல் பிள்ளை பெற்றவளின் மீது குற்றச்சாட்டாக விழுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் இடமே இல்லை.

கிருமி இருந்தாலே குழந்தைக்கு நோய் வரும் என்பதும் இல்லை. கிருமியுள்ள 100 தாய்மாருக்குப் பிரசவத்தின்போது மருந்து எதுவும் தராமல் விட்டால், ஏறத்தாழ 50 குழந்தைகளின் தோலிலும் தொண்டையிலும் கிருமி ஒட்டிக்கொள்ளும். அவர்களில் நோயுறுவது ஒருவரோ இருவரோதான். மற்றவர்களைக் காப்பது பெரும்பாலும் தாய் கொடுத்த எதிர்ப்பொருள். ஜி.பி.எஸ். தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான ஓர் உறையை அணிந்திருக்கிறது. அந்த உறையின் ஒரு பகுதி நம் உடலின் அணுக்களில் உள்ள பொருளைப் போலவே இருப்பதால் வெள்ளையணுக்கள் அதை எளிதில் அந்நியமாக அறிவதில்லை. தாயின் உடலில் அந்த உறைக்கான எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும். இந்தக் கைமாற்றம் பெரும்பாலும் கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில்தான் நடக்கிறது. குறைமாதக் குழந்தைகள் இதனாலேயே அதிக ஆபத்தில் இருக்கிறார்கள்.

இவை எல்லாம் ஒரு குழந்தையிடம் எப்படி ஒன்றுகூடுகின்றன என்று பார்ப்போம். பின்வருவது ஒரே குழந்தையின் வரலாறு அன்று. பல குழந்தைகளிடம் கண்டவற்றைச் சேர்த்து, விளக்கத்துக்காக நான் அமைத்தது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர்ப் பெண், இரண்டாவது கர்ப்பம், 37 வாரம் முடிந்திருக்கிறது. காலை 9 மணிக்கு வலியோடு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். "தண்ணி எப்ப போச்சு" என்று கேட்டதற்கு "காலையில ஆறு மணிக்கு" என்கிறாள். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதப்படுகிறது. பிற்பகல் 2 மணிக்கு 2.6 கிலோ எடையில் குழந்தை பிறக்கிறது. உடனே அழுகிறது, நிறம் நன்றாக இருக்கிறது, அரை மணி நேரத்துக்குள் மார்பில் வாய் வைத்து நன்றாகச் சப்புகிறது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

இரவு 8 மணிக்குத் தாய்க்கு உடல் நடுங்குகிறது, காய்ச்சல் 38.2 டிகிரி. குழந்தை மார்பில் இரண்டு முறை சப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறது. பாட்டி அதைச் சமத்து என்கிறார். இரவு 11 மணிக்கு, அதாவது பிறந்து ஒன்பது மணி நேரத்தில், பணிச் செவிலியர் குழந்தையைத் தூக்குகிறார். உள்ளங்காலைத் தட்டினால் கையைச் சற்று அசைக்கிறது, கண் திறப்பதில்லை. முலைக்காம்பு உதட்டில் பட்டும் வாய் திறக்கவில்லை. அக்குளில் வெப்பமானி வைத்தால் 36 டிகிரி. இயல்பாக இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5 வரை. மூச்சு நிமிடத்துக்கு 66.

மூச்சை எண்ணுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிறந்த குழந்தை சீராக மூச்சு விடாது. வேகமாகச் சில மூச்சு விட்டுச் சில விநாடிகள் நிறுத்தி மறுபடி தொடங்கும். அதனால் 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். முழு நிமிடம் எண்ண வேண்டும்; 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் ஒருமுறை முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு முறையும் 60ஐத் தொட்டால்தான் அது வேக மூச்சு.

இங்கே வாசிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். தொற்று என்றால் காய்ச்சல் அல்லவா வர வேண்டும்? தாய்க்கு வந்ததே, குழந்தைக்கு ஏன் உடல் சில்லிடுகிறது?

வளர்ந்தவர் உடல் சூட்டைக் கூட்ட வேண்டுமென்றால் தசைகளை நடுங்கச் செய்கிறது. பிறந்த குழந்தையால் அப்படிச் சரியாக நடுங்க முடியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது வெப்பம் உண்டாக்க வேண்டும். அந்தச் சேமிப்பு கொஞ்சம். குறைமாதக் குழந்தையிடம் அது இன்னும் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு மிகப் பெரியது, வெப்பம் அதன் வழியே விரைவில் வெளியேறும். நோயோடு போராடி எரிபொருள் குறைந்த குழந்தையின் உடல் இதனால் சூடேறுவதை விட்டுக் குளிர்ந்துபோகிறது. பிறந்த சில நாட்களில் காய்ச்சலைப் போலவே குளிர்ந்த உடலும் தொற்றின் அடையாளமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

அடுத்த காரணம் குழந்தையின் படைபலம். கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களின் சேமிப்பு எலும்பு மச்சையில் பெரியவர்களுக்கு நிறைய உண்டு. பிறந்த குழந்தைக்கு அது சிறியது, விரைவில் தீர்ந்துவிடும். இருக்கும் அணுக்களும் தொற்று உள்ள இடத்துக்கு மெதுவாகவே சென்று சேரும். பெரியவர்களிடம் வீக்கம், சிவப்பு, சீழ், வலி என்று நோய் தன்னை வெளியே காட்டுவதெல்லாம் உண்மையில் உடலின் எதிர்த்தாக்குதல்தான். அந்த எதிர்த்தாக்குதல் மெலிந்திருக்கும்போது நோய் உள்ளே வலுத்தாலும் வெளியே தெரிவது குறைவாகவே இருக்கும். மூளை உறையில் அழற்சி வந்த குழந்தைக்குக்கூடப் பெரியவர்களுக்கு வருவதுபோலக் கழுத்து விறைப்பதில்லை. மண்டையின் எலும்புகள் இன்னும் சேராததால் அழுத்தம் ஏறும்போது உச்சிக்குழி மேலெழும்பும், அதுவும் தாமதமாகத்தான்.

மூன்றாவது காரணம் எளிமையானது. எனினும் மருத்துவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான். பிறந்த குழந்தை செய்யக்கூடியவை சிலவே: பால் குடிக்கும், அழும், தூங்கும், மூச்சு விடும், கைகால் அசைக்கும். எந்த நோய் வந்தாலும் இவற்றில் ஒன்று குறைவதாகவோ மாறுவதாகவோதான் அது தெரியும். இரத்தச் சர்க்கரை குறைந்தாலும் குழந்தை பால் குடிக்காது, குளிரில் கிடந்தாலும் குடிக்காது, இதயத்தில் பிறவிக் குறை இருந்தாலும் குடிக்காது, தொற்று இருந்தாலும் குடிக்காது. எனவே அடையாளத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. உலக சுகாதார அமைப்பு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் பார்க்கச் சொல்லும் ஆபத்துக் குறிகள் அனைத்தும் இந்தச் சில செயல்களைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: பால் குடிக்க இயலாமை, வலிப்பு, தூண்டினால் மட்டுமே அசைவது, நிமிடத்துக்கு 60க்குக் குறையாத மூச்சு, நெஞ்சு ஆழமாக உள்வாங்குதல், அதிகச் சூடு, அதிகக் குளிர்ச்சி.

நம் செவிலியர் அடுத்து செய்தது இந்தக் குழப்பத்தைப் பிரிக்கும் வேலை. குதிகாலில் ஒரு சொட்டு எடுத்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்கிறார். 62 மில்லிகிராம், குறைவில்லை. குளிரால் வந்த சோர்வாக இருக்குமோ என்பதை அறியக் குழந்தையின் ஈரத் துணியை மாற்றி, தலைக்குக் குல்லா போட்டு, தாயின் மார்போடு தோல் படும்படி வைத்துப் போர்த்துகிறார். வெறும் குளிரால் சோர்ந்த குழந்தை சூடு ஏறியதும் விழித்துப் பால் தேடும். ஒரு மணி நேரத்தில் இந்தக் குழந்தையின் சூடு 36.6க்கு வந்துவிட்டது. ஆனால் அது விழிக்கவில்லை; மூச்சு 68 ஆகியிருக்கிறது, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய முனகல் கேட்கிறது. சூடாக்கியும் குழந்தை திரும்பவில்லை என்பது செவிலியரின் ஐயத்தைத் தொற்றின் பக்கம் திருப்புகிறது. தொடக்கத்திலேயே தொற்றின் அறிகுறி தெளிவாக இருந்தால் இந்த ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்போது அவர் தாயிடம் மறுபடி கேட்கிறார்: "காலையிலதான் தண்ணி போச்சாம்மா? அதுக்கு முன்னாடி எப்பவாவது நனைஞ்சுதா?"

"நெறையப் போனது காலையிலதாங்க சிஸ்டர். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடு கறக்கப் போனப்பவே பாவாடை நனைஞ்சுதுங்க. அடக்க முடியாம மூத்திரம் போயிருக்கும்னு விட்டுட்டேன்."

எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்த கணக்கு இந்த ஒரு பதிலால் இருபது மணி நேரமாகிறது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்தால் குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். பதினேழில் பாதுகாப்பு, பத்தொன்பதில் ஆபத்து என்று பொருளன்று. ஏறிக்கொண்டே போகும் ஆபத்தின்மீது வசதிக்காகப் போட்ட கோடு அது. நீர் கசிவது சிறுநீர் கசிவதுபோலவே தோன்றும் என்பதால் இந்த நேரம் தவறாகப் பதிவாவது மிகவும் எளிது. காலையில் வந்தபோதே உண்மை நேரம் தெரிந்திருந்தால், 15 மணி நேரம் ஆகிவிட்டது, பிரசவத்துக்குள் 18 கடந்துவிடும் என்று கணக்கிட்டுத் தாய்க்கு அப்போதே ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கலாம். குழந்தை பிறப்பதற்குள் ஐந்து மணி நேரம் கிடைத்திருக்கும். அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மருத்துவர் வந்து பார்த்து, குழந்தையிடமிருந்து 1 மில்லிலிட்டர் இரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் எடுக்கிறார். பின்னர் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் முதல் வேளை ஊசியாகப் போடப்படுகின்றன. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மருந்து போன பிறகு இரத்தம் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். அதே சமயம் கல்ச்சர் பாட்டில் இல்லாத சிறு மருத்துவமனையாக இருந்தால் இரத்தம் எடுப்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. மலைச் சாலையில் ஒரு மணி நேரப் பயணம் காத்திருக்கும்போது முதல் வேளை மருந்து கிருமியின் பெயரைவிட முக்கியமானது. குழந்தையைத் தாயோடு சேர்த்துப் போர்த்தி, 108 ஆம்புலன்சில் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புகிறார்கள்.

அங்கே நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த சி.ஆர்.பி. பரிசோதனை இயல்பாக வருகிறது. பல பெற்றோர்கள் இந்த இடத்தில், "ரிப்போர்ட் நார்மல்தானே, ஏன் ஊசி" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. சி.ஆர்.பி. என்பது தொற்றைக் கண்டு கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். தொற்று தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது இரத்தத்தில் கூடத் தொடங்கும். உச்சத்தை அடைய ஒன்று இரண்டு நாட்கள்கூட ஆகும். ஆகவே நோயின் முதல் மணிகளில் இயல்பான சி.ஆர்.பி. எதையும் மறுக்காது. இந்தக் குழந்தைக்கு மறுநாள் எடுத்தபோது அது 38 ஆக ஏறியிருந்தது. 10க்குக் கீழே இருக்க வேண்டிய அளவு அது. அதற்கு மாறாக, மூச்சும் பாலும் சீரான ஒரு குழந்தையிடம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்தும் அது ஏறவில்லை, கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை என்றால், இரண்டு மூன்று நாட்களில் ஊசியை நிறுத்திவிடலாம். அதன் உண்மையான பயன் மருந்தைத் தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கல்ச்சர் பாட்டிலில் ஒரு நாளுக்குள் கிருமி வளர்கிறது. நுண்ணோக்கியில் மணிகள் கோத்ததுபோலச் சங்கிலியாகத் தெரிகிறது. அடுத்த நாள் அது ஜி.பி.எஸ். என்று உறுதியாகிறது. முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்க்கிறார்கள், மூளை உறையில் தொற்று இல்லை. ஜி.பி.எஸ்.ஐப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி, பழைய மருந்தான பென்சிலினுக்கே இது இன்றும் பெரும்பாலும் அடங்குகிறது. எனவே ஜென்டாமைசினை நிறுத்திவிட்டு ஒரே மருந்தை மொத்தம் 10 நாட்கள் நரம்பு வழியாகத் தருகிறார்கள். மூன்றாம் நாள் குழந்தை தானாக விழித்து அழுகிறது. வார்டில் அந்த அழுகையைக் கேட்டு மகிழாதவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஜி.பி.எஸ். நோயின் பிந்தைய வகை இதிலிருந்து பல வகைகளில் வேறுபடும். இந்தக் கிருமிக்கு மட்டும் 72 மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு வாரத்தை எல்லையாகக் கொள்வது வழக்கம்: முதல் வாரத்தில் வந்தால் முந்தையது, 7ஆம் நாள் முதல் மூன்று மாதம் வரை வந்தால் பிந்தையது. முந்தைய வகையில் பெரும்பாலான குழந்தைகள் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயுறுகிறார்கள். பிந்தைய வகையில் வீட்டுக்குப் போய், எடை கூடி, எல்லாம் நன்றாக இருந்த குழந்தை திடீரென்று நோயுறுகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் 24ஆம் நாள் குழந்தை மதியம் பாலை விட்டுவிட்டு, தூக்கினால் இன்னும் கூடும் ஒரு கீச்சுக் குரலில் அழத் தொடங்கி, மாலைக்குள் 38.4 டிகிரி காய்ச்சல் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் உடலுக்குக் காய்ச்சலை உண்டாக்கும் திறன் ஓரளவு வந்துவிடுகிறது. மூளை உறை அழற்சி முந்தைய வகையைவிடப் பிந்தைய வகையில்தான் அதிகம். சிகிச்சை குறைந்தது 14 நாட்கள் நீளும், பிழைத்த பிறகும் காது கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு மாதக் குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் வீட்டில் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்து விடியும்வரை பார்ப்பது தவறு. மருந்தால் சூடு இறங்கும், மூளை உறையில் உள்ள கிருமி இறங்காது.

இனித் தடுப்பு. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 1.7 என்ற அளவில் முந்தைய ஜி.பி.எஸ். நோய் இருந்தது. பிரசவ வலியின்போது தாய்க்குப் பென்சிலினோ ஆம்பிசிலினோ நரம்பு வழியாகக் கொடுக்கும் முறை பரவியபின் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அங்கே 36, 37ஆம் வாரத்தில் எல்லாப் பெண்களிடமும் பிறப்புறுப்பிலும் மலவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். கிருமி இருப்பது தெரிந்தும் உடனே மருந்து தருவதில்லை, வலி வரும்வரை காத்திருக்கிறார்கள். இது விந்தையாகத் தோன்றலாம். கர்ப்பத்தின்போதே மாத்திரை கொடுத்தால் பிறப்புறுப்பில் உள்ள கிருமி அழியும், ஆனால் குடலிலிருந்து சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடும். குழந்தை கடந்துவரும் அந்தச் சில மணிநேரம் கிருமி அடங்கியிருந்தால் போதும். மருந்து தாயின் இரத்தத்திலிருந்து பனிக்குட நீருக்கும் குழந்தைக்கும் போதிய அளவில் சென்று சேரப் பிறப்புக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னதாகத் தொடங்கியிருக்க வேண்டும். நம் பென்னாகரத்துப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஐந்து மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஊசியின் எல்லையும் தெளிவானது. பிந்தைய வகை நோயை இது குறைக்கவில்லை. ஊசி பிறக்கும் வேளைக்கு மட்டுமே காவல். அதன் பிறகு தாயிடமிருந்தோ வீட்டில் உள்ள வேறொருவரிடமிருந்தோ கிருமி குழந்தையைச் சேர்வதை அது தடுக்காது.

நம் அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பஞ்சுக்குச்சிப் பரிசோதனை செய்வது வழக்கமில்லை. அதற்குப் பதிலாக ஆபத்துக் காரணிகளைப் பார்த்துத்தான் மருந்து முடிவாகிறது: பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆனது, பிரசவத்தின்போது 38 டிகிரிக்குக் குறையாத காய்ச்சல், 37 வாரத்துக்கு முன்பே வலி, இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரில் ஜி.பி.எஸ். தெரிந்தது, முந்தைய குழந்தைக்கு ஜி.பி.எஸ். நோய் வந்தது. இவற்றில் முதலாவதை மருத்துவமனைக்குச் சொல்லக்கூடியவர் தாய் ஒருவர்தான். சிறுநீரா, பனிக்குட நீரா என்று ஐயம் வந்தால் ஒரு வெள்ளைத் துணியை வைத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்போதே போய்க் காட்டுவது நல்லது.

இந்தியாவின் நிலையை அமெரிக்கக் கணக்கோடு அப்படியே ஒப்பிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுப் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் கல்ச்சரில் அதிகம் வளர்பவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஈ. கோலை போன்றவை, ஜி.பி.எஸ். அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியதோடு, முந்தைய வகையிலும் பிந்தைய வகையிலும் ஏறத்தாழ அதே கிருமிகளே இருப்பதையும், அவற்றில் பல பல மருந்துகளுக்கு அடங்காதவையாக இருப்பதையும் காட்டியது. முதல் மூன்று நாளில் வந்தால் தாயிடமிருந்து என்று நான் மேலே சொன்ன பிரிவு இங்கே மங்கிவிடுகிறது. பிரசவ அறையின் மேசை, உறிஞ்சு குழாய், கழுவாத கை ஆகியவற்றிலிருந்து பிறந்த முதல் மணியிலேயே மருத்துவமனைக் கிருமி குழந்தையைச் சேரலாம் என்பதே அதற்கு நேரடியான விளக்கம். ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஜி.பி.எஸ்.க்கு நன்றாக வேலை செய்யும். இந்தக் கிருமிகளில் பலவற்றுக்குச் செய்யாது. மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாட்களாகியும் குழந்தை தேறவில்லை என்றால் மருத்துவர் மருந்தை மாற்றுவது இதனால்தான். அந்த மாற்றத்துக்கு வழிகாட்டுவது அன்று எடுத்த 1 மில்லிலிட்டர் இரத்தம்.

பென்னாகரத்துக் குழந்தை பதினோராம் நாள் வீட்டுக்குப் போனது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மற்ற வரிகளுக்கு நடுவே "இரத்தக் கல்ச்சர்: குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்" என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தாள் குழந்தையைவிடத் தாய்க்கே அதிகம் பயன்படும். அவள் அடுத்த முறை கருவுற்றால் எந்தப் பஞ்சுக்குச்சிப் பரிசோதனையும் தேவையில்லை. அதன் முடிவு என்னவாக இருந்தாலும் வலி தொடங்கியதும் அவளுக்கு ஊசி உண்டு. அந்தத் தாளை முதல் பதிவின்போதே கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டி அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். நீரோ வலியோ தொடங்கினால், ஊசிக்கு நான்கு மணி நேரம் கிடைக்கும்படி, பொழுது விடியட்டும் என்று இராமல் உடனே புறப்பட வேண்டும்.